டாக்சிசைக்ளின் மருந்துக்குக் காய்ச்சல் விட்டால் ஸ்க்ரப் டைபஸ் என்று எழுதிவிடலாமா?

இரவுப்பணி | 2024 நவம்பர் 19, இரவு 11:40

வேலூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். போன வாரம் ஒரே நாளில் இரண்டு பேர்.

முதல் ஆள்: 46 வயது அம்மா, நடவு, களை எடுப்பு வேலை. காய்ச்சல் 7ஆம் நாள். வெளியில் விடால் ரத்தப் பரிசோதனை பார்த்து டைபாய்டு என்று சொல்லி மூன்று நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருக்கிறார்கள், காய்ச்சல் அசையவில்லை. தலைவலி, வறட்டு இருமல். பிளேட்லெட் 82,000, வெள்ளணு 9,800, கல்லீரல் நொதி எஸ்ஜிஓடி 168. இடது மார்புக்குக் கீழே மடிப்பில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலை, மாலை ஆரம்பித்தேன். 36 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டது.

இரண்டாம் ஆள்: 24 வயதுப் பையன், செங்கல் சூளை. காய்ச்சல் 5ஆம் நாள். உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் வலி. பிளேட்லெட் 1,10,000, வெள்ளணு 2,900. உடம்பில் புண் எதுவும் இல்லை. டெங்கு பார்க்கும் என்எஸ்1 கிட் அன்று தீர்ந்துவிட்டது. இவனுக்கும் டாக்சி. மறுநாள் காலையே காய்ச்சல் இல்லை.

இரண்டு பேருக்கும் பதிவேட்டில் 'ஸ்க்ரப் டைபஸ், டாக்சிக்கு நல்ல பலன்' என்று எழுதினேன். இரண்டாவது சரியா?

---

சீரம் | நவம்பர் 20, காலை 7:15

லேப்ல இருக்கேன். வெய்ல்-ஃபீலிக்ஸ் ரத்த டெஸ்ட் பண்ணுங்க டாக்டர். அதுல ஓஎக்ஸ்-கே அளவு 1:80 வந்தா ஸ்க்ரப், வரலைன்னா இல்ல. இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?

---

கேஸ்ஷீட் | நவம்பர் 20, காலை 9:02

முதலாவது சரி. இரண்டாவதை அடியுங்கள். அந்தப் பையனை இன்றே கூப்பிட்டு பிளேட்லெட்டும், ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் ஹிமட்டோகிரிட்டும் பாருங்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

சீரம், 1:80 பற்றிச் சொன்னதில் பாதிதான் சரி. அந்தச் சோதனையில் நாம் பார்ப்பது ஸ்க்ரப் கிருமியையே அல்ல, அதைப் போலத் தோலுடைய புரோட்டியஸ் என்ற வேறொரு கிருமியை. உங்கள் ஊரில் காய்ச்சலே இல்லாத ஆட்களில் எத்தனை பேருக்கு 1:80 வருகிறது என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. இரண்டு வாரம் விட்டு எடுத்த இரண்டாவது ரத்தத்தில் நான்கு மடங்கு ஏறினால் அது பேசும். வரவில்லை என்றால் நோய் இல்லை என்பது முழுத் தவறு. நோய் இருந்தும் வராதவர்கள் ஏராளம்.

---

மேட்டுக்காடு | நவம்பர் 20, காலை 11:30

உண்ணிக் காய்ச்சல்தானே பேசுறீங்க? எங்க மச்சானுக்குப் போன மாசம் அதுதான் வந்து 9 நாள் பெட்ல கிடந்தாரு. ஆட்டுப்பட்டியில நிறைய உண்ணி. மருந்துக் குளியல் போட்டாச்சு, மாட்டுக் கொட்டாய்க்கும் மருந்து அடிச்சாச்சு. இனிமே வராதுல்ல? அவருக்கு எந்தப் புண்ணும் இல்லைனு ஆஸ்பத்திரியில சொன்னாங்க, ஆனா அக்கா சொல்றாங்க தொடை இடுக்குல சூடு வச்ச மாதிரி ஒரு தழும்பு இருக்காம்.

---

ஆறாம்வார்டு | நவம்பர் 20, மதியம் 2:10

மேட்டுக்காடு அண்ணா, அந்தத் தழும்புதான் புண். ஆஸ்பத்திரியில யாரும் வேட்டிய விலக்கிப் பார்க்கல, அவ்வளவுதான்.

வார்டுல நாங்க பார்க்கிற முறையச் சொல்றேன், 'உடம்பில் புண் இல்லை'னு எழுதுறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை இப்படிப் பாருங்க. 'எங்காவது புண் இருக்கா'னு கேட்டா நூத்துல தொண்ணூறு பேர் இல்லைம்பாங்க. பொய் இல்ல. அது வலிக்காது, அரிக்காது, இருக்கிறதே தெரியாது. அதனால கேக்கிறது வீண், பார்க்கணும். திரை போட்டு, பெண்ணுன்னா பெண் ஸ்டாஃப் கூட நின்னு, டார்ச் வச்சு. டியூப்லைட் வெளிச்சம் மடிப்புக்குள்ள போகாது.

பார்க்கிறதுக்கு முன்னாடி அக்குள், கழுத்து, தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கான்னு தடவிப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் நெறி இருந்தா பாதி வேலை முடிஞ்சது. வலது தொடை இடுக்குல நெறின்னா வலது கால், பிறப்புறுப்பு, பிட்டம், தொப்புளுக்குக் கீழ. அந்தப் பக்கமே தேடுங்க.

ஆம்பளைங்களுக்கு அக்குள், தொடை இடுக்கு, விதைப்பைக்குப் பின்பக்கம். பொம்பளைங்களுக்கு மார்புக்குக் கீழ, வயித்துல, பாவாடை நாடா அழுத்துற இடுப்புச் சுத்து. ரெண்டு பேருக்கும் அரைஞாண் கயிறு, தாயத்து அடியில, காதுக்குப் பின்னாடி, முடிக்குள்ள, தொப்புள் குழிக்குள்ள, முழங்கால் மடிப்பு. குழந்தைங்களுக்கு டயப்பர் ஓரம்.

பிளாஸ்டர் ஒட்டியிருந்தா பிரிங்க. மஞ்சள் அப்பியிருந்தா துடைங்க. போன வருஷம் 'கொப்புளம் உடைஞ்சது'னு மஞ்சள் பூசியிருந்த இடத்துலதான் ஒண்ணு கிடைச்சது.

---

கேஸ்ஷீட் | நவம்பர் 20, இரவு 9:45

ஆறாம்வார்டு எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன், மாணவர்கள் தவறவிடுவது இங்கேதான். புத்தகப் படத்தில் இருப்பது காய்ந்த தோலில் வரும் கருப்புப் பொருக்கு, சிகரெட்டால் சுட்ட மாதிரி. அக்குளிலும் விதைப்பையிலும் மார்பு மடிப்பிலும் வியர்வை ஈரத்தில் பொருக்கு ஊறி விழுந்துவிடும். மிஞ்சுவது மஞ்சளோ வெளிர் சிவப்போ ஆன அடியுடைய ஆழமில்லாத வட்டப் புண், ஓரத்தில் மெல்லிய செதில் வளையம். அதைப் பார்த்து 'படை' என்று பூஞ்சைக் களிம்பு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கொப்புளம் வேறு எப்படித் தெரியும்? கொப்புளம் வலிக்கும், அழுத்தினால் சீழ் வரும். இந்தப் புண்ணுக்கு எஸ்கார் என்று பெயர், இதில் சீழ் இல்லை, வலி இல்லை. பூச்சி கடித்த இடம் அது. சிறு பருவாகத் தொடங்கி, கொப்பளித்து, நடுவில் செத்துக் கருத்துப்போகும். காய்ச்சல் வருவதற்கு முன்பே உருவாகிவிடுவதால் நோயாளி நம்மிடம் வரும்போது அது முற்றிய நிலையில் இருக்கும்.

இனி இரவுப்பணி கேட்டதற்கு. எஸ்கார் இருந்தால் நம் பகுதியில், இந்தப் பருவத்தில், இப்படிக் காய்ச்சலோடு வருகிறவருக்கு நோய் ஏறக்குறைய முடிவான மாதிரி. சோதனை வரும்வரை காத்திராமல் மருந்து தொடங்கலாம். எஸ்கார் இல்லை என்றால் அது எதையும் சொல்வதில்லை. வேலூரில் வந்த பழைய தொகுப்புகளிலேயே, நன்றாகத் தேடியும், ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. மற்றப் பாதிக்குத்தான் டாக்சிக்குக் காய்ச்சல் எப்படி இறங்கியது என்ற கேள்வியே தேவைப்படுகிறது. அதைப் பலரும் தலைகீழாகப் படிக்கிறார்கள். நாளை.

---

மாத்திரைப்பெட்டி | நவம்பர் 21, காலை 8:20

மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து. 'டாக்சிக்குக் கேக்கல' என்று திரும்பி வருகிறவரிடம் முதலில் கேளுங்கள்: கூட என்ன சாப்பிட்டீர்கள்?

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளைத் திரவம், இவை டாக்சியை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்கு ஏறாது. 'மாத்திரை சூடு' என்று பாலோடு சேர்த்து விழுங்குவதும் அந்த மாதிரிதான். இரும்பு மாத்திரையை அந்த ஒரு வாரம் நிறுத்தச் சொல்லிவிடுவதே நல்லது. நேரம் பிரித்துச் சாப்பிடுங்கள் என்றால் யாரும் செய்வதில்லை.

இன்னொன்று. வெறும் வயிற்றில் வேண்டாம், சோற்றுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி. அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ராத்திரி ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். இரண்டு நாள் கழித்து 'நெஞ்சு வலிக்குது, எச்சில் முழுங்க முடியல' என்று வருவார்கள், இசிஜி எடுப்பார்கள். காரணம் கேப்சூல்.

---

பழுப்புத்தாள் | நவம்பர் 21, காலை 10:55

மருந்துக்கு இறங்குவதை வைத்து நோயைச் சொல்லும் வழக்கத்துக்கு ஒரு நல்ல பழைய கதை உண்டு. 1948இல் கோலாலம்பூரில் அமெரிக்க மருத்துவர் ஸ்மேடலின் குழு குளோராம்ஃபெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக்கை ஸ்க்ரப் டைபஸுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஸ்க்ரப் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் டைபாய்டு நோயாளியும் இருந்துவிட்டார். அவருக்கும் குணம். டைபாய்டுக்கு அந்த மருந்து வேலை செய்யும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதாவது மருந்துக்குக் கேட்டது, ஆனால் நோய் வேறு!

அப்புறம் ஒன்று, டாக்சிக்கே கேட்காத ஸ்க்ரப் வடக்கு தாய்லாந்தில் 1996இலேயே வந்துவிட்டது. இங்கேயும் வந்திருக்கும். எனவே 'இறங்கவில்லை, ஆகவே ஸ்க்ரப் இல்லை' என்பதும் செல்லாது.

---

கேஸ்ஷீட் | நவம்பர் 21, இரவு 10:30

பழுப்புத்தாளின் கோலாலம்பூர் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது, நமக்குத் தேவை அதுதான். அங்கே ஸ்க்ரப் நோயாளிகளுக்கு ஓரிரு நாளில் இறங்கியது, டைபாய்டுக்காரர்களுக்கு மூன்று நான்கு நாள் பிடித்தது. மருந்துக்குக் கேட்டதா என்பதைவிட எத்தனை மணி நேரத்தில் கேட்டது என்பதுதான் தகவல்.

இதை அந்த அம்மாவின் தாளில் பார்ப்போம். இரவுப்பணி தனியாக அனுப்பிய வெப்ப அளவு:

சனி மாலை 6 மணி, 103.4, முதல் மாத்திரை.
ஞாயிறு காலை 6, 102.6.
ஞாயிறு மாலை 6, 101.
திங்கள் காலை 6, 99.2.
திங்கள் மாலை 6, 98.8.

ஏழு நாளாக அசையாத காய்ச்சல், மூன்று நாள் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அசையாதது, டாக்சி தொடங்கிய 36 மணியில் படிப்படியாக இறங்கி, அதன்பின் ஏறவில்லை. இதில் மதிப்புள்ளது இறங்கியது மட்டுமல்ல. அதற்கு முன் இறங்காமல் இருந்ததும் சேர்த்துத்தான். இந்தக் கிருமி ரத்தக்குழாய்ச் சுவரின் செல்லுக்குள் புகுந்து வாழ்வது. செஃப்ட்ரியாக்சோனால் அதற்கு ஒன்றும் ஆகாது. டாக்சி செல்லுக்குள் நுழைந்து அது புரதம் செய்வதை நிறுத்துகிறது. அதனால்தான் இந்த வேகம்.

ஒரு எச்சரிக்கை, இதற்கே எதிராக. டைபாய்டும் செஃப்ட்ரியாக்சோனுக்கு நான்கு முதல் ஆறு நாள் எடுத்துக்கொள்ளும். மூன்று நாளில் இறங்கவில்லை என்பதை வைத்து மட்டும் டைபாய்டு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த அம்மாவுக்கு எஸ்கார் இருந்ததால் பிழைத்தோம்.

இப்போது பையன். 5ஆம் நாள் டாக்சி, 6ஆம் நாள் காலை காய்ச்சல் இல்லை. ஆறாம் நாள் தானாகவே விடும் காய்ச்சல் நம் ஊரில் எது? டெங்கு. வெள்ளணு 2,900 வேறு. டாக்சி அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவே. பஸ் வந்த நேரத்தில் கை காட்டியவன் தான்தான் நிறுத்தினேன் என்பது மாதிரி.

---

இரவுப்பணி | நவம்பர் 22, காலை 6:50

பையன் நேற்றுச் சாயங்காலம் வந்தான். பிளேட்லெட் 62,000. ஹிமட்டோகிரிட் ஏறியிருக்கிறது. சேர்த்துக் கொண்டாயிற்று. டெங்கு ஐஜிஎம், ஸ்க்ரப் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் சோதனை இரண்டுக்கும் மாவட்ட லேபுக்கு அனுப்பியிருக்கிறேன். கேஸ்ஷீட் சார், அடித்துவிட்டேன்.

---

கேஸ்ஷீட் | நவம்பர் 22, காலை 7:30

நல்லது. பிரிக்க உதவும் அடையாளம் இதுவே. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் பிளேட்லெட் விழும், ரத்தம் கெட்டியாகும், ஆபத்து தொடங்கும். ஸ்க்ரப்பில் டாக்சிக்குப் பிறகு காய்ச்சல் விட்டால் தலைவலியும் போகும், பசி வரும், இரண்டு மூன்று நாளில் பிளேட்லெட்டும் மேலே ஏறும். வெப்பமானி மட்டும் இறங்கி ஆள் இன்னும் சோர்ந்து கிடந்தால் அதை 'பலன்' என்று எழுதாதீர்கள்.

---

ஆறாம்வார்டு | நவம்பர் 22, மதியம் 1:05

டாக்டர், ஒண்ணு விட்டுட்டீங்க. அந்த வெப்ப அளவு பாராசிட்டமாலுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடி எடுத்ததா? எங்க வார்டுல பாதி சார்ட் மாத்திரை குடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்ததுதான். 99 இருக்கும், 'குறைந்தது'னு எழுதுவாங்க.

அதோட கிராமத்துல போடுற 'காய்ச்சல் ஊசி'யில டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு இருக்கும். அது போட்டா எந்தக் காய்ச்சலும் சில மணி நேரத்துல இறங்கும். மறுநாள் மறுபடி ஏறும். டாக்சியோட சேர்த்துப் போட்டுட்டா யாரு இறக்கினதுன்னே தெரியாது.

---

கேஸ்ஷீட் | நவம்பர் 22, இரவு 8:15

விட்டது உண்மைதான், சிஸ்டர். டாக்சியைச் சோதனையாகப் படிக்க நினைத்தால் ஐந்து விஷயம் சுத்தமாக இருக்க வேண்டும். பாராசிட்டமால் கடிகாரப்படி அல்ல, தேவைக்கு மட்டும். வெப்பம் அதற்கு முன் அளக்கப்பட வேண்டும். ஸ்டீராய்டு கூடாது. அந்த இரண்டு நாள் வேறு ஆன்டிபயாடிக் புதிதாகச் சேர்க்கக் கூடாது. மாத்திரை உள்ளே போய் வாந்தி வராமல் நின்றதா என்று யாராவது பார்த்திருக்க வேண்டும். இரவுப்பணியின் சார்ட்டில் எல்லா அளவும் பாராசிட்டமாலுக்கு முன் எடுத்தவை, கேட்டுக்கொண்டேன்.

ஆள் மோசமாக இருந்தால் இந்தச் சுத்தமெல்லாம் மறந்துவிடுங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், ரத்த அழுத்தக் குறைவு இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்க வேண்டியதுதான். நோயைப் பெயரிடுவது பிறகு.

---

சீரம் | நவம்பர் 23, காலை 7:40

1:80 பத்தி ஒத்துக்கிறேன். எங்க பக்கம் கொஞ்சம் பழைய ரிப்போர்ட்டப் புரட்டினேன், மூட்டு வலிக்கு வந்தவங்களுக்கும் 1:80 இருக்கு.

ஆனா எலிசா ஐஜிஎம் வந்தா நம்பலாம்ல? அதுலயும் எனக்கு ஒரு தொல்லை. ரீடிங் 0.6 வருது. ஒரு டாக்டர் பாசிட்டிவ்ங்கிறார், ஒருத்தர் நெகட்டிவ்ங்கிறார்.

---

கேஸ்ஷீட் | நவம்பர் 23, காலை 10:20

இரண்டு பேரும் சரி, வேறுவேறு ஊர்க் கணக்கில். வரம்பு எண்ணை அந்தந்தப் பகுதியின் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை வைத்து நிர்ணயிக்க வேண்டும். சில இடத்தில் 0.5, சில இடத்தில் 1. நோய் நிறைய இருக்கும் ஊரில் 0.5 என்று வைத்தால் பழைய தொற்றையெல்லாம் புதிதாக எண்ணிவிடுவீர்கள். ஐஜிஎம் பல மாதம் ரத்தத்தில் தங்கும். மறுபக்கம், காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் எடுத்தால் நோய் இருந்தும் வராமல் போகலாம். அந்த அம்மாவுக்கு 5ஆம் நாள் எடுத்தது வெறுமை, 9ஆம் நாள் எடுத்தது தெளிவாகப் பாசிட்டிவ். முதல் தாளை வைத்துத்தான் வெளியில் 'ஸ்க்ரப் இல்லை' என்றார்கள்.

முதல் வாரத்தில் பதில் வேண்டுமென்றால் பிசிஆர். எஸ்கார் இருந்தால் ரத்தத்தைவிட அந்தப் பொருக்கு நல்ல மாதிரி. இடுக்கியால் ஓரத்தை நிமிர்த்தினால் வந்துவிடும். உலர்ந்த ஸ்டெரைல் குப்பியில் போட்டுக் குளிரில் அனுப்புங்கள், ஃபார்மலினில் போட்டுக் கெடுக்காதீர்கள். டாக்சி தொடங்கி ஓரிரு நாள் ஆகியிருந்தாலும் பொருக்கில் கிடைக்கும்.

---

பழுப்புத்தாள் | நவம்பர் 23, மதியம் 3:35

தாய்லாந்துக்குப் பதில் வரவில்லை.

---

கேஸ்ஷீட் | நவம்பர் 23, இரவு 11:10

வருகிறது. 1996 கட்டுரை உண்மை. நோயாளிகளுக்குக் காய்ச்சல் மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் பின்னால் அந்தத் தரவுகளையும் கிருமிகளையும் திரும்பப் பார்த்தவர்கள் 'எதிர்ப்புத் திறன்' என்ற முடிவு நிற்கவில்லை என்றார்கள். மெதுவாக இறங்கியதற்கு நோயின் கடுமை போன்ற வேறு காரணங்கள் இருக்கலாம். 'டாக்சிக்குக் கேட்காத ஸ்க்ரப்' என்று நம்பி மருந்தை மாற்றுவதற்கு முன், மாத்திரைப்பெட்டி சொன்ன இரும்பு மாத்திரையையும் வாந்தியையும் பாருங்கள்.

உங்கள் கேள்வியால் முந்தைய குறிப்பில் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஓரிரு நாள், அதாவது 48 மணி என்று நான் ஓட்டிக்கொண்டு போனது வெளிநோயாளிக்கும் லேசான நோய்க்கும்தான். நுரையீரல், சிறுநீரகம் இரண்டும் தாக்கப்பட்டு ஐசியூவில் இருப்பவருக்கு மூன்று நான்கு நாள், ஐந்து நாள்கூட ஆகலாம். அவருக்கு 48 மணிக் கடிகாரத்தை வைத்து 'ஸ்க்ரப் இல்லை' என்றால் ஆளை இழப்போம். இந்தியாவில் 7 மருத்துவமனைகளில் 794 கடுமையான நோயாளிகளைச் சேர்த்து 2023இல் வந்த ஆய்வில் ஐந்தாம் நாளிலும் காய்ச்சல் தொடர்வதை ஒரு தோல்வி அளவாக வைத்தார்கள், இரண்டாம் நாளை அல்ல. அதில் நரம்பு வழி டாக்சியும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு மோசமான விளைவு. தனித்தனியாகக் கொடுத்தவர்களில் 47, 48. இறப்பில் மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

---

மாத்திரைப்பெட்டி | நவம்பர் 24, காலை 8:05

அப்படியானால் எல்லாருக்கும் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாமே?

---

கேஸ்ஷீட் | நவம்பர் 24, காலை 8:40

அந்த ஆய்வு கடுமையானவர்களுக்கு மட்டும். நடந்து வருகிறவருக்கு டாக்சி ஒன்றே, ஏழு நாள். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின் ஒன்றே. லேசான நோயிலும் சேர்ப்பது நல்லதா என்று கேட்டால், சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் இல்லை.

---

ஆறாம்வார்டு | நவம்பர் 24, மதியம் 12:15

குழந்தைக்கு டாக்சி எழுதினா 'பல்லு மஞ்சளாகும்'னு அம்மாக்கள் மருந்துக்கடையிலயே திருப்பிக் குடுத்துடறாங்க.

---

மாத்திரைப்பெட்டி | நவம்பர் 24, மதியம் 12:50

நாங்களும் பயமுறுத்தியிருக்கிறோம், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பயம் பழைய டெட்ராசைக்ளினை மாதக்கணக்கில் கொடுத்த காலத்தது. ஒரு வார டாக்சி சாப்பிட்ட சிறு குழந்தைகளைப் பின்னால் பல் பார்த்ததில் கறை காணப்படவில்லை. 45 கிலோவுக்குக் கீழ் எடைக்குத் தக்க அளவு: கிலோவுக்கு நாளொன்றுக்கு 4.5 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து.

---

மேட்டுக்காடு | நவம்பர் 24, இரவு 7:20

என் கேள்விய எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. ஆட்டு உண்ணிக்கு மருந்து அடிச்சாச்சு, இனிமே வராதா வருமா?

---

கேஸ்ஷீட் | நவம்பர் 24, இரவு 9:00

மன்னியுங்கள். வரலாம். பெயர்தான் குழப்பம். செய்தித்தாளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்கள், ஆட்டு உண்ணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது மண்ணில் வாழும் ஒரு சிறு பூச்சியின் குஞ்சு, ஆறு கால், கண்ணுக்கு ஒரு புள்ளி மாதிரி. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, குஞ்சுப் பருவத்தில்தான் உடம்பில் ஏறித் திசுச்சாற்றைக் குடிக்கும், பெரும்பாலும் எலி மீது. நாம் குறுக்கே போனால் நம் மீது. கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்கு வருவதால் எலியைக் கொன்றாலும் அது உடனே தீராது. மழைக்குப் பின் புல் வளரும் வரப்பு, புதர், விறகு அடுக்கிய இடம், அங்கேதான் அது. மச்சானைக் கேளுங்கள்: காய்ச்சலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன் எங்கே உட்கார்ந்தார், புதரில் காயப்போட்ட துணியை உடுத்தினாரா என்று.

ஆட்டு, நாய் உண்ணியால் வருவது வேறொன்று, புள்ளிக் காய்ச்சல். அதற்கும் டாக்சிதான். உள்ளங்கை, உள்ளங்காலில் சிவப்புப் புள்ளி வந்தால் அதை நினையுங்கள். எஸ்கார் அதிலும் சிலருக்கு இருக்கும். எலித் தெள்ளால் வரும் இன்னொரு டைபஸில் எஸ்கார் இருக்காது, அதற்கும் டாக்சி. அதனால்தான் டாக்சிக்கு இறங்கியது என்பதை வைத்து 'ஸ்க்ரப்' என்ற ஒரே பெயரை எழுதக் கூடாது. எலிக் காய்ச்சலான லெப்டோவும் அதற்கு இறங்கும். சூளையிலும் நெல்வயலிலும் நான்குமே உண்டு. மருந்து குடும்பத்தைச் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை. ஆளைச் சொல்வது எஸ்காரும் சோதனையும்.

எஸ்காரும் இல்லை, சோதனையும் இல்லை, டாக்சிக்கு 48 மணியில் இறங்கியது என்றால் நான் எழுதுவது: 'காரணம் உறுதியாகாத காய்ச்சல், ரிக்கெட்சியா வகை இருக்கலாம், டாக்சிக்கு இறங்கியது.' ரிக்கெட்சியா வகை என்பது ஸ்க்ரப், புள்ளிக் காய்ச்சல், தெள்ளு டைபஸ் மூன்றுக்கும் பொதுப்பெயர். நீளம்தான். பதிவேட்டில் கட்டம் போதாது.

இறங்காவிட்டால் அது இன்னும் பயனுள்ள பதில். லேசான நோயாளி, மாத்திரை ஒழுங்காக உள்ளே போயிருக்கிறது, 72 மணி ஆகியும் 102 நிற்கிறது என்றால் டாக்சியை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். மலேரியா ஸ்மியர், ரத்தக் கல்ச்சர், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். டைபாய்டும் காசநோயும் கல்லீரல் சீழ்க்கட்டியும் அந்த இடத்தில்தான் பிடிபடுகின்றன. சில நேரம் ஸ்க்ரப்போடு இன்னொன்றும் சேர்ந்திருக்கும்.

---

பழுப்புத்தாள் | நவம்பர் 25, காலை 9:10

சிப்ரோ கொடுத்தால்? டைபாய்டு, ஸ்க்ரப் இரண்டையும் மூடிவிடும் என்று சொல்லக் கேள்வி.

---

கேஸ்ஷீட் | நவம்பர் 25, காலை 9:25

ஸ்க்ரப்பை மூடாது. அந்த மருந்து தாக்கும் இடத்திலேயே இந்தக் கிருமிக்கு இயல்பான மாற்றம் இருக்கிறது. அதை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

---

இரவுப்பணி | டிசம்பர் 2, இரவு 10:55

பையனின் ரிசல்ட். டெங்கு ஐஜிஎம் பாசிட்டிவ். ஸ்க்ரப் ஐஜிஎம் ரீடிங் 0.7.

மூன்றாம் நாள் பிளேட்லெட் 48,000 வரை போய்த் திரும்பியது, 1,30,000இல் வீட்டுக்கு அனுப்பினேன். டாக்சியை ஏழு நாளும் முடித்துவிட்டான், நிறுத்தச் சொல்லவில்லை.

---

சீரம் | டிசம்பர் 3, காலை 7:20

0.7ஆ! என் தொல்லை உங்களுக்கும் வந்தாச்சு.

---

கேஸ்ஷீட் | டிசம்பர் 3, காலை 9:40

டெங்கு நிச்சயம். ஸ்க்ரப் போன வருடத்துப் பழைய தொற்றா, டெங்குவில் சும்மா ஏறியதா, இரண்டும் சேர்ந்து வந்ததா, ஒரு ரீடிங்கை வைத்துச் சொல்ல முடியாது. டாக்சியும் கொடுத்தாயிற்று, அதனால் அந்தக் கடிகாரமும் பயனில்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு ரத்தம் எடுங்கள். ஏறியிருந்தால் புதியது, அப்படியே நின்றால் பழையது.

---

ஆறாம்வார்டு | டிசம்பர் 3, மதியம் 2:30

அவனுக்கு முடிக்குள்ளயும் காதுக்குப் பின்னாடியும் பார்த்தீங்களா?

---

இரவுப்பணி | டிசம்பர் 3, இரவு 11:15

முடிக்குள் பார்க்கவில்லை.

---

இரவுப்பணி | டிசம்பர் 20, இரவு 9:05

இரண்டாவது ரத்தத்துக்கு ஆள் வரவில்லை. சூளையில் வேலை முடிந்து ஒடிசாவுக்குப் போய்விட்டானாம். பதிவேட்டில் 'டெங்கு; ஸ்க்ரப் ஐஜிஎம் 0.7, உறுதியில்லை' என்று இருக்கிறது.